9 சதவீதம் 84 சதவீதத்துக்குக் கொடுக்குமா?

கேள்வி: மதுரை ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்குப் பஸ்ஸில் வரும்போது என் போனில் 9 சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. அம்மா போனில் 84. இரண்டும் ஆண்ட்ராய்டு. இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளால் இணைத்தால், என் போன் அம்மா போனுக்குச் சார்ஜ் கொடுக்கிறது! கேபிளை முனை மாற்றிச் செருகினேன், நாலைந்து தடவை கழற்றி மாட்டினேன், மாறவே இல்லை. எது முடிவு செய்கிறது? எப்படித் திருப்புவது?
(உசிலம்பட்டி வாசகர்)

பதில்: கோளாறு உங்கள் போனில் இல்லை. அநேகமாக அம்மாவின் போனில் ஓடிஜி, அதாவது செருகும் கருவிக்குப் போன் மின்சாரம் கொடுக்க வழிவிடும் வசதி, அணைந்து கிடக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும். ஏன் என்று தெரிந்துகொண்டால் மீதிப் பாதிக்கும் வழி பிடிபடும்.

மேல் கண்மாய் நிறைந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் இறங்குகிற மாதிரி, சார்ஜ் கூடுதலாக உள்ள போனிலிருந்து குறைவாக உள்ள போனுக்குப் பாயும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். போனில் அப்படி இல்லை. பேட்டரியின் அழுத்தம் 9 சதவீதத்தில் ஏறக்குறைய மூன்றரை வோல்ட், நிறைந்தபிறகு நாலு வோல்ட்டுக்குச் சற்று மேலே. கேபிளில் அனுப்ப வேண்டியதோ 5 வோல்ட். அதாவது எந்தப் போன் கொடுத்தாலும், தன் பேட்டரியில் உள்ளதை 5 வோல்ட்டுக்கு உயர்த்தித்தான் கொடுக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. ஆகவே இது மடை திறந்து விடுகிற சமாசாரம் இல்லை, மோட்டார் போட்டு ஏற்றுகிற சமாசாரம். கிணற்றில் கடைசி ரெண்டடித் தண்ணீர் இருந்தாலும் மோட்டார் இழுக்கும் இல்லையா, அதே மாதிரி 9 சதவீதப் போனும் இறைத்துக் கொடுத்துவிடும்.

யாருடைய மோட்டார் ஓட வேண்டும் என்பதைக் கேபிளுக்குள் போகிற ஒரு மெல்லிய கம்பி முடிவு செய்கிறது. அதற்குச் சிசி என்று பெயர். மின்சாரம் போகும் கம்பி வேறு, இது வேறு. கொடுக்க நினைக்கும் கருவி, இந்தக் கம்பியை ஒரு ரெசிஸ்டர் வழியாக மேல் அழுத்தத்தோடு இணைத்து வைக்கும். வாங்க நினைக்கும் கருவி, 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டோடு இணைத்து வைக்கும். ஒரு பக்கம் மேலே இழுத்து, மறுபக்கம் கீழே இழுத்தால் ஜோடி சேர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கப்புறம்தான் கொடுப்பவர் 5 வோல்ட்டைத் திறந்துவிடுவார். அதுவரை அந்த ஓட்டையில் மின்சாரமே இருக்காது. இரண்டு போனை நேரடியாக இணைத்தால் ஏதாவது கருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

சார்ஜர் எப்போதும் கொடுப்பவர். காதில் மாட்டும் இயர்போன் எப்போதும் வாங்குபவர். அங்கே குழப்பம் இல்லை. போன் மட்டும் இரண்டு வேடமும் போடும். பென்டிரைவ் செருகினால் கொடுக்க வேண்டும், சார்ஜர் செருகினால் வாங்க வேண்டும். எது வரப்போகிறது என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் சும்மா இருக்கும்போதே, சிசி கம்பியில் கொடுக்கும் கை, வாங்கும் கை என்று மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு 50 முதல் 100 மில்லிநொடி. அதாவது நொடிக்குப் பத்திலிருந்து இருபது தடவை. இப்படிக் கையை மாற்றிக்கொண்டே இருக்கும் இரண்டு போன்களை இணைக்கும்போது, எந்தக் கணத்தில் ஒன்றின் கை கொடுக்கவும் மற்றதன் கை வாங்கவும் நீண்டிருக்கிறதோ, அந்தக் கணத்தில் முடிவாகிவிடும். சீட்டுக் குலுக்கல்தான். சதவீதத்தை யாரும் பார்ப்பதில்லை. கேபிளுக்கு இந்த முனை, அந்த முனை என்ற வித்தியாசமும் கிடையாது. முனை மாற்றிச் செருகுவதும் இன்னொரு தடவை குலுக்கிப் பார்ப்பதற்குச் சமம்.

சரி, குலுக்கல் என்றால் நாலைந்து தடவையில் ஒரு தடவையாவது உங்கள் பக்கம் விழுந்திருக்க வேண்டுமே? விழவில்லை. உங்கள் கேள்வியில் எனக்குக் கிடைத்த துப்பு இதுதான். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி என்றால், ஒரு போன் கையை மாற்றவே இல்லை, அல்லது மாற்றினாலும் ஒரு பக்கம் சாய்கிறது.

கையை மாற்றாததற்கு முதல் காரணம் ஓடிஜி. ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ், விவோ போன்களில் பல மாடல்களில் செட்டிங்ஸில் OTG connection என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். மேலே தேடும் பெட்டியில் OTG என்று அடித்தால் வந்துவிடும். அது அணைந்திருக்கும்போது போன் வாங்கும் கையை மட்டுமே நீட்டும். இதில் ஒரு வம்பு, நீங்கள் போட்டு வைத்தாலும் பத்து நிமிடம் எதையும் செருகாவிட்டால் பல மாடல்களில் தானாக அணைந்துவிடும். 'காலையில்தான் போட்டேன்' என்பது கணக்கில் வராது. போட்டவுடன் இணைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சாய்வு. தயாரிப்பவர் விரும்பினால் போனுக்கு ஒரு குணத்தைச் சேர்க்கலாம். குலுக்கலில் தனக்குக் கொடுக்கும் வேலை விழுந்தால், உடனே அதை விட்டுவிட்டு 'ஒரு தடவை வாங்கிப் பார்க்கிறேன்' என்று கையை மாற்றி நீட்டும். எதிரில் இருப்பவர் இசைந்தால் அதுவே நிலைத்துவிடும். இந்தக் குணம் ஒரு போனில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால், நூறு தடவை கழற்றி மாட்டினாலும் அதுதான் வாங்கும். லேப்டாப்புகளில் இதற்கு நேர்மாறான சாய்வை வைப்பதுண்டு. போன் லேப்டாப்புக்குச் சார்ஜ் கொடுக்க ஆரம்பித்தால் நன்றாகவா இருக்கும்?

சாய்வை உடைக்க, இணைப்பில் இருக்கும்போதே ஆண்ட்ராய்டிடம் சொல்லலாம். கேபிளைப் பிடுங்காமல் அம்மாவின் போனில் மேலிருந்து கீழே இழுங்கள். Charging this device via USB என்று ஒரு அறிவிப்பு கடைசியில் ஒடுங்கிக் கிடக்கும். அதைத் தொட்டால் USB Preferences திறக்கும். அதில் Charge connected device என்ற ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். (உங்கள் போனிலிருந்தும் செய்யலாம். அங்கே அது ஏற்கெனவே ஆனாக இருக்கும், ஆஃப் செய்ய வேண்டும். சில கம்பெனிகள் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் மாற்றி வைத்திருப்பார்கள்.) உள்ளே நடப்பது இது: இரண்டு போனிலும் பவர் டெலிவரி என்ற, மின்சாரத்தைப் பற்றிக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை இருந்தால், அதே சிசி கம்பியில் ஒரு போன் 'இடம் மாறிக்கொள்ளலாமா' என்று செய்தி அனுப்பும், மற்றது சரி என்றோ முடியாது என்றோ பதில் சொல்லும். சரி என்றால், கொடுத்துக்கொண்டிருந்தவர் 5 வோல்ட்டை நிறுத்துவார், இருவரும் ரெசிஸ்டர் மாற்றிக்கொள்வார்கள், புதியவர் 5 வோல்ட் கொடுப்பார். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். சம்மதம் வராவிட்டால் திரையில் Couldn't switch என்று வரும், அல்லது ஸ்விட்ச் மங்கிப்போய்த் தொடவே முடியாமல் இருக்கும்.

ஐபோன் ஒரு பக்கம் இருந்தால், அதில் இப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது. ஆண்ட்ராய்டு பக்கம்தான் முயல வேண்டும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. டவுன் ஹால் ரோட்டில் எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும் சின்ன ஓடிஜி அடாப்டர், அதாவது ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் பென்டிரைவ் செருகும் சதுர வாய். அதை அம்மா போனில் செருகுங்கள். அதில் சாதாரண சார்ஜர் கேபிளின் சதுர முனையைச் செருகி, மறு முனையை உங்கள் போனில் மாட்டுங்கள். அடாப்டருக்குள் வாங்குபவரின் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், சார்ஜர் கேபிளின் டைப்-சி முனைக்குள் கொடுப்பவரின் ரெசிஸ்டரும் நிரந்தரமாகவே உட்கார்ந்திருக்கின்றன. அடாப்டர் மாட்டிய போனுக்கு 'எதிரில் வாங்குபவர் இருக்கிறார்' என்று தோன்றும், மற்ற போனுக்கு 'சார்ஜர் வந்திருக்கிறது' என்று தோன்றும். குலுக்கலுக்கே இடமில்லை. அடாப்டர் எந்தப் போனில் இருக்கிறதோ அதுதான் கொடுக்கும். ஆனால் இதற்கும் அம்மா போனில் ஓடிஜி ஆனாக இருந்தாக வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

உங்கள் போன் முழுக்கச் செத்துப்போயிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. உயிரில்லாத போன் வாங்கும் கையை மட்டும்தான் நீட்டும். பெரும்பாலான போன்கள் சுவிட்ச் ஆஃப் செய்தாலும் அப்படியே நடந்துகொள்ளும். அவசரத்தில் 9 சதவீதப் போனை அணைத்துவிட்டு இணைப்பதும் ஒரு குறுக்குவழிதான்.

எவ்வளவு ஏறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏமாறக் கூடாது. போன வாரம் கடையில் இதே மாதிரி இரண்டு போன்களை, நடுவில் யூ.எஸ்.பி. மீட்டர் வைத்து இணைத்தேன். 4.9 வோல்ட், 0.48 ஆம்பியர் காட்டியது. இரண்டையும் பெருக்கினால் இரண்டரை வாட்டுக்குச் சற்றுக் குறைவு. போன்கள் மற்ற போனுக்குப் பொதுவாக இந்த அளவில்தான் கொடுக்கும். ஐபோன் 15 கொடுப்பதே அதிகபட்சம் 4.5 வாட். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது ஏறக்குறைய 19 வாட்-மணி. வெப்பமாகப் போவது கழித்துப் பார்த்தால், மணிக்கு இரண்டு வாட்-மணி உள்ளே சேரும். அதாவது மணிக்குச் சுமார் பத்து சதவீதம். கொடுக்கிற போனில் அதே நேரத்தில் பதினைந்து சதவீதம் போல இறங்கும். உசிலம்பட்டி வந்து சேர்வதற்குள் உங்கள் 9 சதவீதம் 19, 20 ஆகலாம், அதுவும் திரையை அணைத்து வைத்தால். ஹாட்ஸ்பாட் போட்டு வீடியோ பார்த்துக்கொண்டே வந்தால் சார்ஜ் ஏறவே ஏறாது, இறங்குவது மட்டும் மெதுவாகும்.

பஸ்ஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்விட்சை மாற்றி நீங்கள் திருப்பிய திசை, அந்த இணைப்பு இருக்கும் வரைதான். மேட்டில் ஏறி இறங்கும்போது கேபிள் ஒரு கணம் ஆடிவிட்டாலும், இரண்டு போனும் பழையபடி முதலிலிருந்து கை நீட்ட ஆரம்பிக்கும். சாய்வு உள்ள போன் மறுபடி வாங்கத் தொடங்கிவிடும். டைப்-சி ஓட்டையில் பாக்கெட் பஞ்சு அடைத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். ஆகவே பையில் போட்டு ஜிப்பை மூடாமல், அவ்வப்போது பேட்டரிப் படத்தில் மின்னல் குறி எந்தப் போனில் இருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். அடாப்டர் வழியில் இந்தக் கவலை இல்லை, எத்தனை தடவை ஆடினாலும் அதே திசைதான்.