உண்டியல் பற்றிப் பேசப் போகிறீர்களா? நிலைக் கோடு போடாதீர்கள், கட்டம் போடுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கத்துல ஒரு தொடக்கப் பள்ளியில 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு உண்டியல்ல பாக்கெட் மணி சேர்த்து ஒரு பொருள் வாங்குறதைப் பத்தி 20 நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. என்ன பேசலாம்?

பதில்:

கடைசி நேரத்தில் உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, 20 நிமிஷம் போதும். ஆனால் "சிறுதுளி பெருவெள்ளம்" என்று ஆரம்பித்தால் முதல் நிமிஷத்திலேயே பின்வரிசை ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. "உனக்கு வாரம் எவ்வளவு தர்றாங்க?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். ஒரே பெஞ்சில் தினம் 20 ரூபாய் கொண்டுவரும் பிள்ளையும் இருக்கும், எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் வரும் பிள்ளையும் இருக்கும். கற்பனையாக ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ரம்யா, வயது ஒன்பது, வாரம் 50 ரூபாய், வேண்டியது 360 ரூபாய் ஷட்டில் பேட். கணக்கு முழுக்க ரம்யாவுடையது என்றால் யாரும் கூச்சப்பட மாட்டார்கள்.

இனி உண்டியல். வாயகன்ற ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். தகர மூடியில் துளை போட்டால் விளிம்பு கையைக் கிழிக்கும். அதனால் மூடியை விட்டுவிட்டு, தடித்த அட்டையை வட்டமாக வெட்டி வாயில் வைத்து டேப் சுற்றுங்கள். இருப்பதில் அகலமான 10, 20 ரூபாய் நாணயங்களின் விட்டம் 27 மில்லிமீட்டர். துளை 3 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் எல்லாம் இறங்கும். டேப் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதில் பிள்ளையின் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். டேப்பைப் பிரித்தால் அந்தக் காகிதம் கிழிந்து காட்டிக் கொடுக்கும்.

"மண் உண்டியல்தானே நம்ம வழக்கம்?" என்று யாராவது கேட்பார்கள். மண் உண்டியல் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் சுட்ட மண் ஈரம் இழுக்கும். ஐப்பசி மழையில் கோத்தகிரி, குன்னூர் சுவர்களே வேர்க்கும்போது, உள்ளே மடித்துப் போட்ட 10 ரூபாய் நோட்டு பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய குறை, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. தெரியாததற்காக ஒன்பது வயசுப் பிள்ளை எத்தனை வாரம் பொறுக்கும்? பாட்டிலாக இருந்தாலும் நோட்டை நாணயமாக மாற்றிப் போடுவதே நல்லது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இதற்கடுத்த இடத்தில்தான். பாட்டிலில் ஸ்கேல் மாதிரி கோடு போட்டு, "இந்தக் கோடு வரைக்கும் வந்தா பேட்" என்பார்கள். 30 ரூபாயை ஒரு ரூபாய் நாணயங்களாகப் போட்டால் சுமார் 100 கிராம், பாட்டிலின் அடியை நிரப்பிவிடும். அதே 30 ரூபாய் மூன்று 10 ரூபாய் நாணயமாக விழுந்தால் 23 கிராம்தான், அடியில் எங்கோ கிடக்கும். உயரத்தை நம்பினால், சில்லறை போட்ட பிள்ளைக்குப் பணம் சேர்வதற்கு முன்பே கோடு வந்துவிடும், திறந்து எண்ணும்போது அழுகை வரும். வகுப்பில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு கையில் முப்பது நாணயம், இன்னொரு கையில் மூன்று நாணயம் கொடுத்து "எதுல காசு அதிகம்?" என்று கேளுங்கள். வகுப்பு முழித்துக்கொள்ளும்.

அதனால் கோடு வேண்டாம், கட்டம். ஒரு நீளக் காகிதத்தில் 12 கட்டம் வரைந்து பாட்டிலின் வெளியே ஒட்டுங்கள். ஒரு கட்டம் 30 ரூபாய், பன்னிரண்டும் சேர்ந்தால் 360. 30 ரூபாய் உள்ளே போனால் ஒரு கட்டத்துக்கு வண்ணம்.

இப்போது ரம்யாவின் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள். சனிக்கிழமை 50 ரூபாய் கைக்கு வந்ததும் முதலில் 30 உள்ளே, மீதி 20 வர்க்கிக்கும் மசால் பொரிக்கும். செலவு போக மிச்சத்தைப் போடலாம் என்று விட்டால் வெள்ளிக்கிழமை மிச்சம் எதுவும் இருக்காது. ஐம்பதையும் உள்ளே போடச் சொல்லாதீர்கள். இரண்டாவது வாரமே அட்டையைப் பிரித்துவிடுவாள்.

வாரம் 30 என்றால் 12 வாரம். இந்த வயசுக்கு அது நீளம். இரண்டு மாதத்தைத் தாண்டினால் பேட் மேல் இருந்த ஆசையே வேறு பொருளுக்குப் போய்விடும். எப்படிக் குறைக்கலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள், நிறைய யோசனை வரும். ஊரிலிருந்து வந்த மாமா 100 ரூபாய் கொடுத்தால் 60 உள்ளே, 40 கையில் என்று வையுங்கள். இரண்டு கட்டம் ஒரே நாளில் நிறையும். மீதி 300. அம்மா "நீ 30 போடுற ஒவ்வொரு வாரமும் நான் 10 போடுறேன்" என்று ஒத்துக்கொண்டால் வாரம் 40, எட்டாவது வாரம் முடிந்துவிடும். மொத்தம் 380 இருக்கும், பேட் போக 20 கையில்.

ஊர்த் திருவிழா வாரத்தில் 50 ரூபாயும் ராட்டினத்துக்குப் போய்விட்டது என்றும் ஒரு வாரத்தைக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வாரம் இரண்டு மடங்கு போட்டு ஈடு கட்டச் சொல்லக்கூடாது. வாரம் 50 வாங்குகிற பிள்ளை 60 போட முடியாது. முடியாமல் போனதும் "போச்சு" என்று மொத்தமாக விட்டுவிடும். ஒரு வாரம் தள்ளிப்போகிறது, எட்டு ஒன்பதாகிறது, அவ்வளவுதான்.

பெற்றோர் வந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் இலைப் பணம் மாதம் ஒரு தடவைதான் வரும். மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டருக்குக் கை உண்டியல் பக்கம் நீளும். அது குற்றம் இல்லை. ஆனால் சொல்லாமல் எடுத்தால் பிள்ளை அடுத்த காசைப் போடாது. "அம்மா 100 எடுத்தேன், 7ஆம் தேதி தருவேன்" என்று சீட்டு எழுதிப் பாட்டிலுக்குள் போடட்டும். கண்ணாடி வழியாக அது தெரியும். இந்த மாதிரி வீடுகளில் கட்டத்தையும் வாரக் கணக்கில் இல்லாமல் மாதக் கணக்கில் போடுவதுதான் நடக்கிற காரியம்.

இன்னொன்று, இது கேள்விக்கு வெளியே. கட்டம் நிறைந்து பிள்ளை ஆசையோடு 10 ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் "இது செல்லாது பாப்பா" என்கிறார்கள். பஸ்ஸிலும் இதே பாட்டு. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று சொல்லிவிட்டது. 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் மொத்தம் 1000 ரூபாய் வரை செல்லும். ரம்யாவின் 380 அதற்குள்தான் வருகிறது. பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் பார்த்ததை நம்பிப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது எரிச்சலாக இருக்கிறது. கடைக்காரரிடம் சட்டம் பேச விருப்பமில்லை என்றால், முன்னாடியே பெரியவர் ஒருவர் வங்கிக்குப் போய் நோட்டாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.