‘ஆஜராகவும்’ சரி, எந்த கேட்டில்?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். மாதம் பத்துப் பன்னிரண்டு பேர் புதிதாகச் சேர்கிறார்கள். பெரும்பாலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள். அவர்களுக்கு நாங்கள் அனுப்பும் மெயில் இதுதான்: “தாங்கள் எமது நிறுவனத்தில் இணைவதில் பெருமகிழ்ச்சி கொள்கிறோம். 01/06 அன்று காலை 8.30 மணிக்குத் தவறாது ஆஜராகவும். அனைத்து அசல் சான்றிதழ்களும் கொண்டுவரவும். தவறினால் பணி ஆணை ரத்து செய்யப்படும். மேலும் விவரங்களுக்கு இன்ட்ராநெட்டைப் பார்க்கவும்.” முதல் நாள் காலை முழுக்க எனக்கு போன் வந்துகொண்டே இருக்கிறது. இப்போது எம்.டி., “இன்னும் அன்பாக எழுதுங்கள்” என்கிறார். அன்பாகவும் இருக்க வேண்டும், ஆபீஸ் கடிதமாகவும் இருக்க வேண்டும். எப்படி எழுதுவது?

பதில்: அன்பைக் கடைசியில் பார்ப்போம். விவரங்களைச் சரிசெய்தாலே மெயிலில் பாதி அன்பு தானாக வந்துவிடும். உங்களுக்கு வரும் போன்கள் எல்லாம் அந்த மெயில் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள். அடுத்த முறை ஒரு தாளில் குறித்துவையுங்கள்: எந்த கேட், யாரைப் பார்ப்பது, எத்தனை மணிக்கு விடுவீர்கள், சாப்பாடு உண்டா. புது மெயிலுக்கு அந்தத் தாள்தான் முதல் வரைவு.

நேரத்திலிருந்து தொடங்குவோம். 8.30 என்பது ஜெனரல் ஷிஃப்ட் தொடங்கும் நேரம். கேட்டில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். இரவு ஷிஃப்ட் வெளியே வரும், பகல் ஷிஃப்ட் உள்ளே போகும், டைம் ஆபீஸில் ஒருவருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. அந்தக் கூட்டத்தில் அடையாள அட்டை இல்லாத ஒரு பையன் நின்றால் செக்யூரிட்டி அவனை ஓரமாகத்தான் உட்கார வைப்பார். புதியவர்களை 9 மணிக்கு வரச் சொல்லுங்கள். அதற்குள் கேட் ஓய்ந்திருக்கும், நீங்களும் இருக்கைக்கு வந்திருப்பீர்கள். மறுநாளிலிருந்து 8.30 என்பதையும் அதே மெயிலில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமையும் 9 மணிக்கு வந்து நிற்பார்கள்.

தேதியை 01/06 என்று போடாதீர்கள். மாதம் முதலில் வரும் வழக்கத்தில் பழகியவருக்கு அது ஜனவரி 6. ‘ஜூன் 1, திங்கட்கிழமை’ என்று கிழமையோடு எழுதினால் குழப்பமே வராது. எழுதுபவர் தேதியைத் தப்பாக அடித்திருந்தாலும் கிழமை ஒத்துப்போகாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது இடம். கம்பெனிப் பெயரை கூகுள் மேப்பில் நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். சரக்கு லாரி போகும் கேட்டையோ ஊருக்குள் இருக்கும் பதிவு அலுவலகத்தையோ அது காட்டக்கூடும். ஆட்கள் நுழையும் கேட்டுக்கு முன்னால் போய் நின்று, அந்த இடத்தின் லிங்க்கை எடுத்து மெயிலில் வையுங்கள். கூடவே பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு வரி வேண்டும்: எந்த நிறுத்தத்தில் இறங்கி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று. கம்பெனி பஸ் இருந்தாலும் முதல் நாள் அதில் ஏற்றிக்கொள்வார்களா என்பதைச் சொல்லிவிடுங்கள். பாஸ் இல்லாமல் டிரைவர் ஏற்ற மறுத்து, பையன் நிறுத்தத்திலேயே நிற்பது நடக்கக்கூடியதுதான்.

இனி சான்றிதழ். ‘அனைத்து அசல் சான்றிதழ்களும்’ என்ற வரிதான் உங்கள் மெயிலிலேயே அதிகம் பயமுறுத்துவது. அசலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராத இடங்களைப் பற்றி இந்தப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். வீட்டில் அப்பா அம்மாவும் “ஒரிஜினலைக் குடுத்துடாதே” என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். ‘அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே உங்கள் கையில் கொடுத்துவிடுவோம், நகல் மட்டும் எங்களிடம் இருக்கும்’ என்று ஒரு வாக்கியம் சேருங்கள். எம்.டி. கேட்கும் அன்பு இதில் இருக்கிறது. ஆனால் எழுதினால் அப்படியே நடக்க வேண்டும். ‘சாயங்காலம் வாங்கிக்கோ’ என்று அலமாரியில் வைக்கிற வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

எவை வேண்டும் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள், ஒவ்வொன்றும் எதற்கு என்று ஓரிரு சொற்களோடு. பாஸ்புக் முதல் பக்கம் சம்பளம் போடுவதற்கு. ஆதார் பி.எஃப். கணக்குக்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு என்பதால் குடும்பத்தினரின் ஆதார் விவரமும் கேட்பீர்கள். காரணம் சொல்லாமல் அம்மாவின் ஆதாரைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம்தான் வரும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இனிஷியல். மார்க் ஷீட்டில் ‘செ. முருகன்’, ஆதாரில் ‘முருகன் செல்வராஜ்’, பேங்க்கில் வெறும் ‘முருகன்’. பி.எஃப். கணக்கு ஆதாரில் உள்ள பெயரை வைத்தே தொடங்குகிறது. மற்ற ஆவணங்களில் பெயர் வேறாக இருந்தால் பின்னால் கே.ஒய்.சி. நிற்கும், பணம் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, வேறுபட்டால் பதில் மெயிலில் சொல்லும்படி கேளுங்கள். ‘திருத்திக்கொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை’ என்றும் சேருங்கள். அது இல்லாவிட்டால் சிலர் ஆதார் மையத்தில் வரிசையில் நின்று சேரும் நாளையே தவறவிடுவார்கள். ஏற்கெனவே வேறு இடத்தில் வேலை பார்த்தவரிடம் 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மறந்துபோய் இரண்டாவது எண் உருவாகிவிட்டால் பிறகு சேர்ப்பது பெரிய வேலை.

இன்ட்ராநெட் வரியை எடுத்துவிடுங்கள். சேராதவரிடம் அதற்கான பாஸ்வேர்டு இருக்காது. முதல் நாளுக்குத் தேவையானது எல்லாம் மெயிலுக்குள்ளேயே இருக்கட்டும், இணைப்புக் கோப்பிலும் வேண்டாம். போனில் படிக்கிற பிள்ளை கோப்பைத் திறக்காமல் விட்டுவிடலாம்.

தொனிக்கு வருவோம். ‘தாங்கள்’, ‘எமது’, ‘ஆஜராகவும்’ ஆகிய மூன்றும் நீதிமன்ற வாடை அடிக்கும் சொற்கள். ‘நீங்கள்’, ‘நம்’, ‘வாருங்கள்’ போதும். மறுபக்கம் ‘எங்கள் குடும்பத்துக்கு வருக’ என்றோ, ‘கண்ணா’, ‘தம்பி’ என்றோ போகாதீர்கள். நாளைக்கே விடுப்பு மறுக்க வேண்டிவந்தால் குடும்பம் என்ற சொல் உறுத்தும். ஆச்சரியக்குறியும் வேண்டாம். ‘ரத்து செய்யப்படும்’ என்பதற்குப் பதிலாக, வர முடியாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லுங்கள். விதி தெரிய வேண்டும் என்றால் அது பணி ஆணையிலேயே இருக்கும்; இங்கே மறுபடி மிரட்ட வேண்டியதில்லை.

உங்கள் கம்பெனி குறிச்சி சிட்கோவில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். விவரங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: ஜூன் 1, திங்கள் காலை 9 மணி, கேட் 2: உங்கள் முதல் நாள்
>
> அன்புள்ள (பெயர்),
>
> ஜூன் 1, திங்கட்கிழமை நீங்கள் அசெம்பிளி பிரிவில் சேர்கிறீர்கள். உங்களை எதிர்பார்த்திருக்கிறோம். அன்றைக்குத் தேவையான விவரங்கள் இவை.
>
> நேரம், இடம்: காலை 9 மணிக்கு கேட் 2-க்கு வாருங்கள். செக்யூரிட்டியிடம் உங்கள் பெயர் இருக்கும். ஆதாரைக் காட்டி, டைம் ஆபீஸில் (பெயர்) அவர்களைக் கேளுங்கள். செவ்வாய் முதல் வேலை நேரம் 8.30.
>
> வழி: உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி சாலையில் போகும் பஸ்ஸில் ஏறி சிட்கோ நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து (எத்தனை) நிமிட நடை. கேட்டின் மேப் லிங்க்: (லிங்க்). டூவீலரை கேட்டுக்கு உள்ளே இடப்பக்கம் நிறுத்தலாம். கம்பெனி பஸ் பாஸ் அன்றைக்குத்தான் தருவோம். முதல் நாள் நீங்களே வர வேண்டும்.
>
> கொண்டுவர வேண்டியவை: ஆதார், பான் கார்டு, ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ சான்றிதழ், பேங்க் பாஸ்புக் ஆகியவற்றின் அசலும் ஒவ்வொரு நகலும், பாஸ்போர்ட் அளவு போட்டோ 4, ஈ.எஸ்.ஐ. பதிவுக்குக் குடும்பத்தினரின் ஆதார் நகல். அசலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுவோம். ஏதாவது ஒன்று கையில் இல்லையென்றாலும் வாருங்கள். எப்போது தர முடியும் என்று பேசிக்கொள்வோம்.
>
> அன்றைய நாள்: மதியம் வரை பதிவு, பாதுகாப்புப் பயிற்சி. 12.30-க்கு கேன்டீனில் சாப்பாடு; முதல் நாள் டோக்கன் நாங்கள் தருவோம். பிறகு உங்கள் சூப்பர்வைசர் பிரிவைச் சுற்றிக் காட்டுவார். 5 மணிக்குக் கிளம்பலாம். முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ அணிந்து வாருங்கள். தொழிற்கூடத்துக்குள் செருப்புக்கு அனுமதியில்லை.
>
> வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டியவை: (1) உங்கள் ஷூ அளவு. (2) ஆதார், பான், பாஸ்புக் மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? வேறுபட்டால் சொல்லுங்கள், திருத்திக்கொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை. (3) முன்பு வேலை பார்த்திருந்தால் உங்கள் யு.ஏ.என். எண்.
>
> அன்று வர முடியாத நிலை வந்தால், அல்லது வழியில் சிக்கல் என்றால், (எண்) என்ற எண்ணில் என்னைக் கூப்பிடுங்கள். காலை 8 மணியிலிருந்து எடுப்பேன்.
>
> திங்கட்கிழமை சந்திப்போம்.
> (உங்கள் பெயர்), மனிதவளப் பிரிவு

ஷூ அளவை முன்கூட்டியே கேட்பதற்குக் காரணம் உண்டு. அளவு கிடைக்காமல் போனால் பாதுகாப்பு ஷூ இல்லாமல் ஆளைத் தொழிற்கூடத்துக்குள் விட முடியாது, இரண்டு நாள் ஆபீஸில் சும்மா உட்கார வைக்க வேண்டிவரும். பதிலில் ‘42’ என்று வந்தால் அது ஐரோப்பிய அளவு. நம் கணக்கில் ஏறக்குறைய 8. ஸ்டோர்ஸுக்கு அனுப்பும் முன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மெயிலைச் சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு அனுப்புங்கள். முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் ‘திங்கள், 9 மணி, கேட் 2’ என்று ஒரு குறுஞ்செய்தி போதும். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்பாதீர்கள். யாராவது ‘எல்லோருக்கும் பதில்’ என்பதை அழுத்தி, குடும்பத்தினரின் ஆதாரைப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிடுவார். மெயில் மெர்ஜ் வைத்துத் தனித்தனியாக அனுப்புங்கள். அனுப்பும் முன் பட்டியலில் பெயர்க் கட்டம் எதுவும் காலியாக இல்லையா என்று பாருங்கள். ‘அன்புள்ள ,’ என்று தொடங்கும் மெயிலில் அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் எடுபடாது.

கடைசியாக, இந்த மெயிலை அச்செடுத்து கேட் 2 செக்யூரிட்டியிடமும் டைம் ஆபீஸிலும் கேன்டீனிலும் படித்துக் காட்டுங்கள். “டோக்கன் பத்து மணிக்குள்ள சொன்னாத்தான் சாப்பாடு” என்று கேன்டீன்காரர் சொல்வார். “திங்கட்கிழமை காலையில் கேட் 2-ல எனக்கு மாற்று ஆள்தான் இருப்பாரு” என்று செக்யூரிட்டி சொல்வார். அவற்றைத் திருத்திய பிறகு, வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை வெள்ளிக்கிழமையே அந்த மாற்று ஆளின் கையில் கொடுத்துவிடுங்கள்.