பிங்க் பந்து எதற்கு?

அன்புள்ள ஐயா,

பகலிரவு டெஸ்டுக்கு மட்டும் பிங்க் பந்து எதற்கு? இரவு ஒருநாள் ஆட்டத்தில் வெள்ளைப் பந்து பளிச்சென்று தெரிகிறதே, அதையே வைத்து ஆடினால் என்ன?

சரவணன், திருவாரூர்

அன்புள்ள சரவணன்,

தெரியும்தான், ஆனால் டெஸ்டில் வீரர்களின் உடுப்பும் வெள்ளை. வெள்ளைச் சட்டைக்கு முன்னால் கையை விட்டு வரும் வெள்ளைப் பந்தை மட்டையாளர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? ஒருநாள் ஆட்டத்துக்கு வண்ண உடையும் பந்து வீசுபவருக்குப் பின்னால் கறுப்புத் திரையான சைட்ஸ்கிரீனும் வந்ததே அதற்காகத்தான்.

உடையை மாற்றிவிடலாம் என்பீர்கள். அப்போதும் பந்து தாங்காது. சிவப்புச் சாயம் தோலுக்குள் ஊறிவிடும். மேற்பரப்பு தேய்ந்தாலும் உள்ளேயும் சிவப்புதான். டெஸ்டில் புதுப் பந்து எடுக்க 80 ஓவர் ஆக வேண்டும், அதுவரை அது ஓடும். வெள்ளை நிறமோ தோலின் மேல் பூசிய பூச்சு. அது உரியும், புல்லும் மண்ணும் ஏறி அழுக்காகும். அதனால்தான் ஒருநாள் ஆட்டத்தில் 2007-ல் 34 ஓவர் முடிந்ததும் பந்தை மாற்றச் சொன்னார்கள். 2011-ல் முனைக்கொரு புதுப் பந்து என்று ஆக்கினார்கள்.

சரி, சிவப்பையே இரவில் போடலாமே என்றால், மின்விளக்கில் அது பழுப்பாகி ஆடுகளத்தின் நிறத்தோடு கலந்துவிடும். மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பிங்க்குக்கு வந்தார்கள்.

ஆனால் பிங்க்கும் பூச்சுதான். 2015 நவம்பரில் அடிலெய்டில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடிய முதல் பகலிரவு டெஸ்டில், பந்து உரிந்துவிடக் கூடாதென்று ஆடுகளத்தில் வழக்கத்தைவிட அதிகமாகப் புல் விட்டிருந்தார்கள். புல் இருந்தால் வேகப்பந்துக்குக் கொண்டாட்டம். ஆட்டம் மூன்றே நாளில் முடிந்தது. தையலின் பச்சை நூல் விளக்கொளியில் சரியாகத் தெரியவில்லை என்ற புகாரும் வந்தது. அடுத்த வருடம் கறுப்பு நூல் போட்டார்கள்.

பூச்சு சுழலுக்கும் உதவும் என்பது 2021 பிப்ரவரியில் அகமதாபாத்தில் நடந்த பகலிரவு டெஸ்டில் தெரிந்தது. இந்தியாவுக்கு எதிராக இங்கிலாந்து இரண்டு இன்னிங்ஸிலும் எடுத்தது 112, 81. அக்ஸர் படேலுக்கு 11 விக்கெட். அவற்றில் பலரும் வீழ்ந்தது திரும்பிய பந்துக்கு அல்ல, திரும்பும் என்று எதிர்பார்த்து ஆடி, நேராகச் சறுக்கி வந்த பந்துக்கு. பூச்சினால் பந்து தரையில் பட்டதும் வேகம் எடுக்கிறது என்று ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட் சொன்னார். அவரும் அதே ஆட்டத்தில் சுழற்பந்து வீசி 8 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தவர், ஆகவே பேச உரிமை உண்டு.

எந்த நிறத்துக்கும் கஷ்டமான நேரம் அந்திதான். வானம் மங்கிவரும், விளக்கு முழுதாக ஆளத் தொடங்கியிருக்காது. பிங்க் பந்து ஆட்டங்களில் அந்த வேளையில் மட்டையாளர்கள் தடுமாறுவது அதனால்தான். அதற்காக 2020 டிசம்பரில் இந்தியா அடிலெய்டில் 36-க்குச் சுருண்டதையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டாம். அது நல்ல வெயிலில் நடந்தது.