திண்ணையில் ஐந்து வயது நீங்கள், பக்கத்தில் இன்றைய நீங்கள்

கேள்வி: 1984-ல் எனக்கு ஐந்து வயது. எங்கள் வீட்டுச் சிவப்பு சிமெண்ட் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு நான் தனியாக உட்கார்ந்திருக்கும் கலர் போட்டோ ஒன்று இருக்கிறது. அப்பா தெருவில் நின்று எடுத்தது. நெகட்டிவ் இல்லை, பிரிண்டும் சிவந்துபோய்விட்டது, வீடும் இப்போது இல்லை. அதில் இன்றைய நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல ஒரே படமாக்க ஆசை. ஸ்டூடியோவில் கொடுத்துப் பார்த்தேன், கத்தரித்து ஒட்டின மாதிரி வந்தது. எங்கே தப்பாகிறது? கம்ப்யூட்டரில் படம் திருத்தும் GIMP மென்பொருள் இருக்கிறது, நானே செய்ய முடியுமா?

பதில்: முடியும். தப்பு பெரும்பாலும் கத்தரிப்பதில் இல்லை. எந்த உயரத்தில், எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. ஸ்டூடியோவில் நீங்கள் கொடுத்த ஏதோ ஒரு நல்ல போட்டோவை எடுத்து வைத்திருப்பார்கள். அதை எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் உட்காராது. பழைய படத்துக்கென்றே உங்களைப் புதிதாக ஒரு படம் எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் வேலை அங்கேதான்.

ஜப்பானில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த புகைப்படக் கலைஞர் சினோ ஓட்சுகா தன் சிறுவயதுப் படங்களுக்குள் வளர்ந்த தன்னைச் சேர்த்து ஒரு வரிசையே செய்திருக்கிறார். ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் இரண்டு வருடங்கள் இருக்கும். கிடைத்தால் பாருங்கள். எது பழையது, எது புதியது என்று கண் தேடும். வெளிச்சமும் நிறமும் அவ்வளவு பொருந்தியிருக்கும்.

முதலில் பிரிண்டை 600 dpi-யில் ஸ்கேன் செய்து TIFF-ஆகச் சேமியுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்க வேண்டாம், ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனரில் வரும் ‘ஆட்டோ கலர்’ போன்ற திருத்தங்களை அணைத்துவிடுங்கள். சிவப்பை இப்போது சரிசெய்யவும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் அப்பா நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குக் குழந்தையே அளவுகோல். ஐந்து வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய 60 செ.மீ. இருக்கும். உங்கள் பிரிண்டில் அது 23 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீளவாட்டில் 5 அங்குலப் பிரிண்ட் என்பது 36 மி.மீ. ஃபிலிமை மூன்றரை மடங்கு பெரிதாக்கியது. ஆக ஃபிலிமில் குழந்தையின் உயரம் 6.6 மி.மீ. அந்தக் காலத்து 35 மி.மீ. காம்பாக்ட் கேமராக்களின் லென்ஸ் பெரும்பாலும் 35 முதல் 40 மி.மீ. வரை இருக்கும், 38 என்று எடுத்துக்கொள்ளலாம். கணக்கு இவ்வளவுதான்:

```
தூரம் = 38 × 600 ÷ 6.6 ≈ 3450 மி.மீ.
```

மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பதினொன்றரை அடி மாதிரி. அரை அடி முன்பின் ஆனால் யாருக்கும் தெரியாது. ஆனால் கைநீட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபி மாதிரியான படத்தை இங்கே வைத்தால், மூக்கும் முழங்காலும் பெருத்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். முகத்தின் வடிவம் தூரத்தைப் பொறுத்தது, ஜூமைப் பொறுத்ததல்ல. அதனால் போனைப் பதினொன்றரை அடியில் வைத்து 2x-ல் எடுங்கள்.

அடுத்தது உயரம். திண்ணையின் விளிம்பு, சுவரில் அடித்த பெயிண்ட் பட்டை, வாசற்படி என்று உள்வாங்கிப் போகும் கிடைக்கோடுகளை ஸ்கேனின் மேல் நீட்டி வரையுங்கள். அவை சந்திக்கும் இடம்தான் கேமரா இருந்த உயரம். சந்திப்பு படத்துக்கு வெளியே விழலாம், அதனால் ஒன்றும் இல்லை. படம் நேருக்கு நேராக எடுத்திருந்தால் கோடுகள் சந்திக்காது. அப்போது திண்ணையின் மேற்பரப்பு எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். நன்றாகத் தெரிந்தால் கேமரா மேலே இருந்திருக்கிறது. அப்பா நின்றுகொண்டு எடுத்தார் என்கிறீர்கள், ஐந்தடி என்று வைத்துக்கொள்ளலாம். திண்ணை இரண்டடி என்றால் குழந்தையின் தலை நான்கடி உயரத்தில் இருக்கும், கேமரா அதைச் சற்று மேலிருந்து பார்க்கிறது. அதே திண்ணையில் நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் உச்சந்தலை ஏறக்குறைய கேமரா மட்டத்துக்கு வந்துவிடும். ஆக குழந்தையின் உச்சந்தலை கொஞ்சம் தெரியும், உங்களுடையது தெரியக் கூடாது. இருவரையும் ஒரே மாதிரி மேலிருந்து காட்டினால் அங்கேதான் ஒட்டு வெளிப்படும்.

வீடு இல்லாதது பெரிய இழப்பில்லை. இரண்டடி உயர மேசையோ பெஞ்சோ போதும், கால் பழைய படத்தில் போலத் தொங்க வேண்டும் அல்லது தரையைத் தொட வேண்டும். சுவரில் விழுந்த நிழலைப் பார்த்து வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு சரிவு என்று குறித்துக்கொண்டு, அதே சரிவு வரும் நேரத்தில் வெளியே எடுங்கள். தூணின் உயரமும் அது தரையில் விழுத்தும் நிழலின் நீளமும் சமமாக இருந்தால் வெயில் 45 டிகிரியில் இருக்கிறது. அன்று வெயில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பெஞ்சைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா, அதனால் உங்கள் இடத்தில் கிழக்கு மேற்கு பற்றிக் கவலை வேண்டாம். மேகமூட்டத்தில் எடுத்த பழைய படமாக இருந்தால் இன்னும் எளிது, நிழலான இடத்தில் எடுத்தால் போதும்.

பலர் தவறவிடும் ஒன்று உங்கள் திண்ணையிலேயே இருக்கிறது. சிவப்பு சிமெண்டில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தாடைக்கு அடியிலும் முழங்கைக்கு அடியிலும் சிவப்பாக ஏறும். பழைய படத்தில் குழந்தையின் கன்னத்தின் கீழ்ப் பகுதியைப் பாருங்கள், இருக்கும். பெஞ்சில் சிவப்புத் துணியை விரித்து உட்கார்ந்தால் இது தானாக வந்துவிடும். கம்ப்யூட்டரில் பிறகு போடப் பார்த்தால் பூசின மாதிரிதான் தெரியும்.

போனில் போர்ட்ரெய்ட் மோடு, முக அழகுபடுத்தல், HDR மூன்றையும் அணைக்க வேண்டும். தூய வெள்ளை, பெரிய எழுத்துப் பொறித்த சட்டை, நெருக்கமான கட்டம் போட்ட துணி வேண்டாம். தலைமுடி பறக்காமல் வாரிக்கொள்ளுங்கள். பின்னால் வெறும் சுவர் இருந்தால் வெட்டும்போது பாடு குறையும். ரொம்ப முக்கியம், நீங்கள் குழந்தையைப் பார்ப்பதாக இருந்தால் குழந்தையின் முகம் இருக்கும் இடத்தில், பெஞ்சிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், ஒரு பொருளை வைத்து அதையே பாருங்கள். உத்தேசமாகக் காற்றைப் பார்த்தால் பார்வை குழந்தையைத் தாண்டிப் போய்விடும். குழந்தையின் தோளில் கைபோடுவதை விட்டுவிடுங்கள். கைபட்டால் சட்டை மடங்க வேண்டும், தோள் சற்று அழுந்த வேண்டும், 1984 படத்தில் அதெல்லாம் நடக்கவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குழந்தை அப்பாவைப் பார்க்கிறது, நீங்கள் குழந்தையைப் பார்க்கிறீர்கள். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது. எனக்கு இந்த அமைப்புதான் பிடிக்கும், அதில் பொய் குறைவு.

இப்போது GIMP. உங்களை வெட்டி மேல் லேயரில் வையுங்கள், விளிம்பு ஒன்றிரண்டு பிக்சல் மென்மையாக இருக்கட்டும். சராசரி உயரமுள்ள பெரியவர் உட்கார்ந்தால் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை 86 செ.மீ. மாதிரி வரும், உங்களை டேப்பில் அளந்தே தெரிந்துகொள்ளலாம். குழந்தையின் 60 செ.மீ. பிரிண்டில் 23 மி.மீ. என்றால் உங்களுக்கு 33 மி.மீ., 600 dpi ஸ்கேனில் 780 பிக்சல். கண்ணால் பார்த்து அளவு வைப்பவர்கள் இங்கே ஏமாறுவார்கள். பெரியவர் என்பதால் தலையையும் பெரிதாக வைக்கத் தோன்றும். உண்மையில் ஐந்து வயதிலேயே தலை கிட்டத்தட்ட வளர்ந்துவிடுகிறது, அதன் சுற்றளவு பெரியவர் தலையில் பத்தில் ஒரு பங்குதான் குறைவு. உங்கள் தலை குழந்தையுடையதைவிட ஒன்றரை மடங்கு தெரிந்தால் அளவு தப்பு.

ஸ்கேனைத் திருத்த வேண்டாம் என்றேனே, காரணம் இதுதான்: பழையதைப் புதியதாக்க முடியாது, புதியதைப் பழையதாக்கலாம். முதலில் Gaussian Blur. குழந்தையின் கண்ணிமை மயிர் எண்ணும்படி தெரிகிறதா? தெரியாது. உங்களுடையதும் அந்த அளவுக்கு மங்கும்வரை ஒன்று, ஒன்றரை என்று சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அடுத்து நிறம். பழைய கலர் பிரிண்டில் சயான் சாயம் முதலில் வெளிறுவதால்தான் படம் சிவக்கிறது, கறுப்பும் கறுப்பாக இருக்காது. குழந்தையின் தலைமுடியில் மிக இருண்ட இடத்தைச் சோதித்தால் R 58, G 38, B 40 போல ஏதாவது வரும். வெள்ளை பனியனில் R 238, G 214, B 196 மாதிரி இருக்கலாம். உங்கள் லேயரில் Colors > Curves திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் உங்கள் முடியின் இருட்டையும் துணியின் வெளிச்சத்தையும் அந்தந்த எண்களுக்குக் கொண்டுவாருங்கள். கடைசியாக Filters > Noise > RGB Noise, மிகக் குறைவாக, Independent RGB அணைத்து. இது ஃபிலிமில் தெரியும் பொடிப்புள்ளிகளைக் கொண்டுவரும். அதை மங்கலுக்கு முன்னால் போட்டால் அதுவும் சேர்ந்து கரைந்துவிடும், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

நிழல் இல்லாவிட்டால் நீங்கள் திண்ணைக்கு மேல் மிதப்பீர்கள். உங்களுக்கும் ஸ்கேனுக்கும் இடையில், கீழே இருப்பதை இருட்டாக்கும் Multiply மோடில் லேயர்கள் இரண்டு போடுங்கள். ஒன்றில் தொடை திண்ணையைத் தொடும் இடத்தில் குறுகலான, அடர்ந்த நிழல். இன்னொன்றில் சுவரிலும் திண்ணையிலும் விழும் அகன்ற நிழல். நிறத்தைக் குழந்தையின் நிழலிலிருந்தே பிக்கரால் எடுத்து, அதே திசை, அதே விளிம்பு மென்மையில் வரையுங்கள்.

முடிந்ததும் ஒட்டு எங்கோ உறுத்தினால் ஒரு நகலைக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். உறுத்தல் போய்விட்டால் கோளாறு நிறத்தில், மறுபடி Curves-க்குப் போங்கள். அப்போதும் இருந்தால் வெளிச்சத்திலோ கூர்மையிலோ நிழலிலோ தேட வேண்டும். படத்தை இடவலம் திருப்பிப் பார்த்தாலும் உங்கள் உட்காரும் சாய்வு சரியில்லை என்றால் சட்டென்று தெரியும். உயரம் தப்பாக வந்திருந்தால் மட்டும் GIMP-ல் மல்லுக்கட்டாதீர்கள், போனை எடுத்துக்கொண்டு மறுபடி பெஞ்சுக்குப் போவதே சீக்கிரம்.

கம்ப்யூட்டர் வேலை வேண்டாம் என்று தோன்றினால் ஸ்டூடியோவிலேயே கொடுக்கலாம். ஆனால் பெஞ்சில் எடுத்த படத்தையும், 23-க்கு 33 என்ற அளவையும், சிவப்பைத் திருத்த வேண்டாம் என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். பிரிண்ட் மேட் தாளில் போடச் சொல்லுங்கள், பளபளத் தாளைவிட அதில் ஒட்டு நன்றாக அடங்கும்.