வாங்கில் காத்திருக்கும்போதே ஒன்பது கேள்விகள்: உளநல கிளினிக் கேள்வி பதில்

ஒரு முற்பகலில் நூறு பேருக்கு மேல் பார்க்கிறோம். ஆளுக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் ஒரு படிவமும் வேண்டுமா? – மருத்துவ உத்தியோகத்தர், சாவகச்சேரி

அந்த மூன்று நிமிடத்துக்குள் படிவம் வரவே கூடாது. நோயாளர் துண்டு எடுத்துவிட்டு வாங்கில் இருக்கும் நேரம் வீணாகத்தானே போகிறது? மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்கியூ-9 தாளைத் துண்டோடு சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. இரத்த அழுத்தம் பார்க்கும் தாதி அதைக் கூட்டி, கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் திகதி, மொத்தம், ஒன்பதாம் விடை, மருந்து என ஒரே வரியில் எழுதட்டும். உங்கள் மேசைக்கு அந்த வரி வந்தால் போதும். முதலில் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்போரிடம் மட்டும், வாரத்தில் ஒரு கிளினிக் நாளில் தொடங்குங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: சாவைப் பற்றிக் கேட்கும் ஒன்பதாம் விடையை அன்றே பார்க்க ஆள் இல்லையென்றால் தாளைக் கொடுக்காதீர்கள்.

முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. எண் புதிதாக என்ன சொல்லிவிடும்? – மருத்துவர், யாழ்ப்பாணம்

நாற்பது தாண்டிய ஒரு பெண். முதல் வருகையில் 17. சேர்ட்ரலின் 50 மில்லிகிராம் தொடங்கினோம். நான்கு வாரம் கழித்துச் சிரித்த முகத்தோடு வந்தார். "பரவாயில்லை டொக்டர்" என்றார். கொப்பியில் இருந்ததோ 16. எண் இல்லாவிட்டால் "அதே மருந்து" என்று எழுதி அனுப்பியிருப்பேன். எண்ணை மட்டும் நம்பியிருந்தால் மருந்தைக் கூட்டியிருப்பேன். இரண்டும் பிழையாகியிருக்கும். "குளிசையை எப்படிப் போடுகிறீர்கள்?" என்று கேட்டபோதுதான், வெறும் வயிற்றில் போட்டு வயிறு பிரட்டியதால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதாகச் சொன்னார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நாள்தோறும் போடச் சொன்னேன், அளவை மாற்றவில்லை. அடுத்த வருகையில் 10, அதற்கடுத்து 6.

ஐந்து புள்ளி குறைந்தால் அதை உண்மையான முன்னேற்றமாக எடுக்கலாம். ஒன்று இரண்டு ஏறி இறங்குவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. 5-க்குக் கீழே வருவதே இலக்கு. எண் அசையவில்லை என்றால் முதலில் குளிசையைப் பற்றிக் கேளுங்கள், அளவைப் பிறகு பார்க்கலாம்.

வாசிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு? – தாதி, பருத்தித்துறை

நீங்கள் வாசியுங்கள், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில். "கடந்த இரண்டு கிழமையில்" என்பதை விட்டுவிட்டால் அவர் இடம்பெயர்ந்த காலத்துக் கவலையையும் சேர்த்துச் சொல்லுவார். கூட வந்த மருமகளைச் சற்றுத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் நிரப்பிப் பார்த்தேன், 14 வந்தது. எந்தக் குளிசை போடலாம்?

எண்ணுக்குக் குளிசை கொடுப்பதில்லை. அருகிலுள்ள உளநல கிளினிக்குக்குப் போங்கள். ஒன்பதாம் கேள்விக்கு 0 அல்லாத விடை போட்டிருந்தால் காத்திருக்காமல் 1926-ஐ அழையுங்கள்.

ஒன்பதாவதை எடுத்துவிட்டால் எட்டுக் கேள்விப் படிவமாகிவிடும். வெட்டுப்புள்ளிகளும் அவையேதான். தொல்லை விட்டது! – சமூக சேவை உத்தியோகத்தர்

பாதி சரி. அப்படி ஒரு படிவம் உண்டு, வெட்டுப்புள்ளிகளும் அவையே. பதில் சொன்னவரைத் தொடர்ந்து பார்க்க வழியில்லாத கணக்கெடுப்புகளுக்கு அது பொருந்தும். உங்கள் நோயாளரோ உங்கள் முன்னாலேயே இருக்கிறார்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைப்போம். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன். – ஓய்வுபெற்ற மருத்துவர்

ஐயா, மதிப்போடு மறுக்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்டதும் ஆறுதலாக மூச்சுவிடுபவர்களைத்தான் நான் பார்க்கிறேன்.

அப்படியானால் "கடவுள் கூப்பிட்டால் போகலாம்" என்னும் கிழவிகள் எல்லாரும் 1 போடுவார்கள். அத்தனை பேரையும் அறைக்குள் கூப்பிடுவீர்களோ? – அதே மருத்துவர்

இது நியாயமான கேள்வி. "செத்தால் நல்லது" என்பதையும் தன்னைக் காயப்படுத்த நினைப்பதையும் அந்த ஒரே கேள்வி சேர்த்துக் கேட்கிறது. ஆகவே தேவைக்கு மேலாகவே கொடி உயரும். 0 அல்லாத விடை வந்தால் தாதி சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். அவரை வரிசையிலிருந்து எடுத்து, தனியாக நான் கேட்பேன்: எப்படி நினைத்தீர்கள், வழி யோசித்தீர்களா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா? பாட்டியோடு அது ஒரு நிமிடத்தில் முடியும், சிலரோடு அரை மணியாகும். அந்த அரை மணியில் வெளியே காத்திருப்போரை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல விடையில்லை. 0 போட்டவர் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம்.

டாப்லெட்டில் செய்யலாமா?

செய்யலாம். மின்சாரம் போகும் நாளுக்குத் தாளும் வேண்டும்.

டாப்லெட்டில் செய்தால் கூட்டல் தானாக வருமே?

வரும். சிவப்பு வட்டத்தைப் பார்த்து எழுந்துபோகும் ஆள் தானாக வரமாட்டார். மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

சிசோபிரினியா நோயாளருக்கும் இதே தாளா?

இல்லை. அவர்களுக்கு இது மட்டும் போதாது.

படிவத்துக்கு நேரமில்லையே, என்ன செய்வது?

முதற்கேள்வியின் பதிலை வாசியுங்கள்.