பக் ரிப்போர்ட்டை எப்படி எழுதுவது?

"லாகின் ஆகவில்லை என்று எழுதினால் டெவலப்பர் திருப்பி அனுப்புகிறார். வேறு எப்படி எழுதுவது?"

பக் ரிப்போர்ட் என்பது, உங்கள் திரையில் வந்த கோளாறை டெவலப்பர் தன் கணினியிலும் வரவழைப்பதற்கான வழிக்குறிப்பு. அவர் கண்முன் நடந்தால்தான் காரணத்தைத் தேட முடியும். மெக்கானிக்கிடம் "வண்டி ஓடலை" என்பதற்கும் "மூணாவது கியரில் மட்டும் இழுக்கலை" என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

இப்படி எழுதலாம்: ஆண்ட்ராய்டு குரோமில் லாகின் பக்கத்தைத் திறந்தேன். மொபைல் எண்ணை வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினேன். கடைசியில் ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வந்தது. பட்டனை அழுத்தினால் ஓடிபி வர வேண்டும்; 'தவறான எண்' என்று வருகிறது. கையால் தட்டினால் சரியாக வருகிறது.

அந்தக் கடைசி வரி டெவலப்பருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஸ்கிரீன்ஷாட் மட்டுமே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பிழைச் செய்தி தெரியும், எண்ணுக்குப் பின்னால் உள்ள இடைவெளி தெரியாது.