லோகோவிலேயே நின்றுபோன ஐபோன்: Update-ஆ, Restore-ஆ?

*“ஐபோன் 12-ல் நேற்று இரவு அப்டேட் போட்டேன். காலையிலிருந்து ஆப்பிள் லோகோ மட்டும்தான் தெரிகிறது. போட்டோக்களுக்கு பேக்கப் இல்லை. கம்ப்யூட்டரில் இணைத்தால் எல்லாம் அழிந்துவிடுமா?”*

இணைப்பதால் எதுவும் அழியாது. இணைத்த பிறகு எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

லோகோவுக்குக் கீழே கோடு இருந்தால், அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். மெதுவாக நகர்ந்தாலும் கை வைக்காதீர்கள். நின்றே போயிருந்தால் கேபிளை மாட்டுங்கள். மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் திறந்திருக்கட்டும். வால்யூம் கூட்டும் பட்டனை ஒருமுறை அழுத்தி உடனே விடுங்கள், அடுத்து குறைக்கும் பட்டனையும் அப்படியே. பிறகு பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். லோகோ வந்ததும் பலர் விரலை எடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் கம்ப்யூட்டர் வழியாகப் போனைச் சரிசெய்ய உதவும் ரெகவரி மோட் வருவதில்லை. கேபிளும் கம்ப்யூட்டரும் உள்ள படம் தெரியும்வரை விடக்கூடாது.

இப்போது கம்ப்யூட்டர் இரண்டு வழி காட்டும். Update என்பது ஐஓஎஸ்ஸை மட்டும் மறுபடி நிறுவும், உங்கள் போட்டோக்களைத் தொடாது. Restore கொடுத்தால் போன் முழுக்கத் துடைக்கப்படும். தகவல்களைப் பூட்டி வைத்திருக்கும் சாவியே அதில் அழிந்துவிடுவதால், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நீங்கள் அழுத்த வேண்டியது Update.

அப்புறம் ஒரு சிக்கல் வரும், பயந்துவிடாதீர்கள். ஐஓஎஸ் கோப்பு பல ஜிபி இருக்கும். இறங்க 15 நிமிடத்துக்கு மேலானால் போன் தானாகவே ரெகவரி மோடிலிருந்து வெளியேறி, பழைய லோகோவுக்கே திரும்பிவிடும். உங்கள் இணைப்பில் 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் போன் வெளியேறினாலும் கம்ப்யூட்டர் பதிவிறக்கத்தை முடிக்கட்டும், நிறுத்தாதீர்கள். முடிந்ததும் அதே பட்டன் வரிசையை மறுபடி செய்து, மறுபடி Update. கோப்பு ஏற்கெனவே கையில் இருப்பதால் இந்த முறை நேராக நிறுவத் தொடங்கும். ‘ரெண்டு தடவை செஞ்சேன், சரியாகல’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் பதிவிறக்கம் முடியும்வரை காத்திருக்காதவர்கள் என்பது என் எண்ணம்.

நிறுவும்போது 4013 அல்லது 4014 என்று பிழை வந்தால், பெரும்பாலும் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் தொடர்பு அறுந்திருக்கிறது. ஹப் வேண்டாம், கம்ப்யூட்டரின் போர்ட்டிலேயே நேராக, வேறு கேபிளில் முயலுங்கள். வேறு கம்ப்யூட்டரிலும் அதே எண் வந்தால் கோளாறு போனின் உள்ளே இருக்கலாம். அந்த நிலையில் Restore பக்கம் போகாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். போட்டோக்களுக்கு பேக்கப் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அங்கேயும் பல நேரம் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.